மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம்

மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம் என்பது, உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற ஒருவர் வீடு திரும்பும்போது அவரிடம் வழங்கப்படும் மருத்துவ ஆவணம் ஆகும். பேச்சு வழக்கில் இது டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படுகிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, வெளியேறும்போது நோயாளியின் நிலை என்ன என்பவற்றை இது பதிவு செய்கிறது. இதைப் படிப்பவர்கள் இரு வகையினர். ஒருவர், நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவர். மற்றவர், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் குடும்பத்தினர். நடந்ததை மட்டும் எழுதிவிட்டு, இனி யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை எழுதாத சுருக்கம் இருவருக்குமே போதுமானதன்று.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட நிகழ்வு. 68 வயதுப் பெண்மணி ஒருவருக்கு நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளன. டெல்மிசார்ட்டன் 40 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. ஆகியவற்றை வழக்கமாக உட்கொள்கிறார். முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் அவ்வப்போது வாங்கிக்கொள்கிறார். நான்கு நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு, சிறுநீர் மிகவும் குறைந்து, இரத்த அழுத்தம் 90/60 ஆக இறங்கிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். ஆறு மாதங்களுக்கு முன் 0.9 ஆக இருந்த இரத்தக் கிரியாட்டினின் அளவு இப்போது 3.2 ஆக உள்ளது. இது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு.

உடலில் நீர் குறையும்போது சிறுநீரகம் தன் இரத்தக் குழாய்களின் விட்டத்தை மாற்றி, வடிகட்டத் தேவையான அழுத்தத்தைக் காத்துக்கொள்ள முயல்கிறது. டெல்மிசார்ட்டனும் டைக்ளோஃபெனாக்கும் வெவ்வேறு வழிகளில் அந்தத் தற்காப்பைத் தடுக்கின்றன. எனவே இரண்டும் நிறுத்தப்படுகின்றன. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால் அதுவும் நிறுத்தப்படுகிறது. நரம்பு வழியாக நீர் செலுத்தியதில் ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.5 ஆகக் குறைய, அவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்.

தவறு நேரும் இடம்

இந்தியாவில் பல சுருக்கங்களின் இறுதியில் 'சி.எஸ்.டி.' என்ற மூன்றெழுத்துக் குறிப்பைக் காணலாம். முன்பிருந்த சிகிச்சையையே தொடர்க என்பது இதன் பொருள். மேற்கண்ட நோயாளியின் தாளில் இக்குறிப்பு இருந்தால், நிறுத்தப்பட்ட மூன்று மருந்துகளும் மீண்டும் அவர் உடலுக்குள் செல்லும்.

குறிப்பு இல்லாவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. தாளில் புதிய மருந்துகள் மட்டும் இருந்தால், இவை பழைய மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை என்றே குடும்பத்தினர் எண்ணுவர். வீட்டு அலமாரியில் டெல்மிசார்ட்டன் அட்டை மீதம் இருக்கும். ஒரு மருந்தை எழுதாமல் விடுவது, அதை நிறுத்தச் சொன்னதாக ஆகாது.

இதற்கு எதிரான தவறும் உண்டு. தற்காலிகமாக நிறுத்திய மருந்து எப்போது மீண்டும் தொடங்கப்பட வேண்டும் என்று எழுதாவிட்டால், அது நிரந்தரமாக நின்றுபோகலாம்.

மருந்துப் பட்டியல்

எனவே மருந்துகளைப் புதியவை, தொடர்பவை, நிறுத்தப்பட்டவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுவது நல்ல முறை. இந்த நோயாளிக்கு அது பின்வருமாறு அமையும்.

- அம்லோடிபின் 5 மி.கி., 1-0-0: புதியது. இரத்த அழுத்தத்திற்கு, டெல்மிசார்ட்டனுக்குப் பதிலாக.
- லினாகிளிப்டின் 5 மி.கி., 1-0-0: புதியது. சர்க்கரைக்கு, மெட்ஃபார்மினுக்குப் பதிலாக.
- டெல்மிசார்ட்டன்: தற்காலிகமாக நிறுத்தம். ஒரு வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்த பிறகு மருத்துவர் முடிவு செய்வார்.
- மெட்ஃபார்மின்: தற்காலிகமாக நிறுத்தம். சிறுநீரகச் செயல்பாடு நிலைபெற்ற பின், தேவையான அளவில் மீண்டும் தொடங்குவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.
- டைக்ளோஃபெனாக் மற்றும் அதே வகை வலி மாத்திரைகள்: இனி வேண்டாம்.

தொடர்பவை எதுவும் இல்லை என்பதையும் எழுத வேண்டும். மருந்தின் மூலப்பெயரை எழுதுவதும் அவசியம். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால், வணிகப் பெயர் மட்டும் இருந்தால் பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒரே மருந்தா என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

அடுத்த மருத்துவருக்கான குறிப்பு

'ஒரு வாரம் கழித்து வரவும்' என்ற வரி, வந்தபின் என்ன செய்வது என்று சொல்வதில்லை. நோயாளி அதே மருத்துவரிடம் திரும்புவார் என்ற உறுதியும் இல்லை. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே செல்லக்கூடும். அங்குள்ள மருத்துவருக்கு மூன்று எண்கள் தேவை: பாதிப்புக்கு முந்தைய கிரியாட்டினின் 0.9, உச்ச அளவு 3.2, வெளியேறும்போது 1.5. கடைசி எண் மட்டும் இருந்தால், 1.5 என்பது இவருடைய வழக்கமான அளவு என்று தவறாக முடிவு செய்ய இடமுண்டு. ஒரு வாரத்தில் அது குறையாமலோ கூடியோ இருந்தால், சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதலாம்.

முடிவு வராத பரிசோதனைகள் தனித் தலைப்பில் இருக்க வேண்டும். சிறுநீர் அளவை அறியப் பொருத்தியிருந்த குழாயை எடுத்தபின் இவருக்குச் சிறுநீர்க் கடுப்பு ஏற்பட்டதால், நான்காம் நாள் சிறுநீர்க் கல்ச்சர் அனுப்பப்பட்டது. அதன் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அவர் வீட்டில் இருப்பார். அனுப்பிய நாள், முடிவைப் பார்க்கப் பொறுப்பான மருத்துவர், குடும்பத்தினர் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால், முடிவு ஆய்வகத்திலேயே தங்கிவிடும்.

குடும்பத்தினருக்கான பகுதி

இது அவர்கள் படிக்கும் மொழியில், கண்ணால் காணக்கூடிய அறிகுறிகளைக் கொண்டு எழுதப்பட வேண்டும். 'சிறுநீர் குறைந்தால் வரவும்' என்பதைவிட, 'காலை முதல் மாலை வரை ஒருமுறைகூடச் சிறுநீர் போகாவிட்டால் அன்றே மருத்துவமனைக்கு வரவும்' என்பது தெளிவானது. மீண்டும் வயிற்றுப்போக்கோ வாந்தியோ தொடங்கினால், குளிருடன் காய்ச்சல் வந்தால், முகமோ காலோ வீங்கினால் அன்றே வர வேண்டும். மூச்சுத் திணறினால் காத்திராமல் 108 எண்ணை அழைக்க வேண்டும்.

புரிந்ததா என்று கேட்டால் பெரும்பாலும் 'புரிந்தது' என்ற பதிலே வரும். 'வீட்டுக்குப் போனதும் எந்தெந்த மாத்திரையைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்க மாட்டீர்கள்?' என்று கேட்டு, அவர்களையே திருப்பிச் சொல்லவைக்கும்போது பிழை அங்கேயே தெரிந்துவிடும். பழைய மாத்திரைகளை உடன் கொண்டுவரச் சொல்லி, நிறுத்தியவற்றைத் தனியே பிரித்துக் காட்டுவதும் உதவும்.

பெறும் உரிமையும் வரம்பும்

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அங்கீகரிக்கப்பட்டவரோ கேட்டால், மருத்துவ ஆவணங்கள் 72 மணி நேரத்துக்குள் வழங்கப்பட வேண்டும். ஆயினும் சுருக்கம் எழுதப்பட்ட நாளின் நிலையையே காட்டுகிறது. மேற்கண்ட பெண்மணிக்கு ஒரு வாரம் கழித்துக் கிரியாட்டினின் 1.0 ஆகி, டெல்மிசார்ட்டன் மீண்டும் தொடங்கப்பட்டால், பழைய தாளிலுள்ள 'நிறுத்தம்' என்ற சொல் அன்றோடு காலாவதியாகிறது. அந்த மாற்றத்தைத் தேதியுடன் எழுதி அதே தாளோடு இணைத்து வைத்தால், அதற்கு அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்குக் குழப்பம் இராது.