எட்டாவது மணி நேரத்தில் ஈஸ்ட்டின் உச்ச வேகம்

கைபேசியில் எடுத்த ஒரு புத்தகப் பக்கம். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் விரலின் நிழல். நடுவில் ஒரு கணக்கு: ஒரு கரைசலில் ஈஸ்ட் வளர்கிறது, t மணி நேரம் கழித்து அதன் அளவு இது.

```
P(t) = 665 / (1 + 66e^(-0.5355t))
```

கேள்விகள் இரண்டு. இந்த ஈஸ்ட் எந்த அளவைத் தாண்டாது? எப்போது மிக வேகமாக வளரும்?

இது கற்பனைக் கணக்கு அல்ல. 1913-ல் கார்ல்சன் என்ற ஆய்வாளர் மணிக்கு மணி ஈஸ்ட்டை அளந்து வெளியிட்ட எண்களுக்குப் பின்னாளில் பொருத்திய கோடு இது. சூத்திரத்தின் வடிவம் அதைவிடப் பழையது. மக்கள்தொகை எல்லையின்றிப் பெருகாது என்பதைக் கணக்கில் கொண்டுவர, பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் தந்த லாஜிஸ்டிக் வளர்ச்சி அது.

முதல் கேள்விக்கு விடை சூத்திரத்தின் மேல்வரியிலேயே இருக்கிறது. நேரம் ஆக ஆக e-யின் பகுதி தேய்ந்து பூஜ்ஜியத்தை நெருங்கும். கீழே 1 மட்டும் மிஞ்சும். ஆகவே எல்லை 665. பாடநூல்கள் இதைத் தாங்குதிறன் என்கின்றன. கார்ல்சனின் அளவீட்டில் 18-வது மணியில் ஈஸ்ட் 661.8-ஐ எட்டியிருந்தது.

இரண்டாம் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஈஸ்ட் 9.6-லிருந்து 18.3 ஆனது, ஏறக்குறைய இரட்டிப்பு. அதைப் பார்த்ததும், தொடக்கத்தில்தான் வேகம் அதிகம் என்று தோன்றும். ஆனால் கூடியது 8.7 மட்டுமே. ஏழாவது மணியிலிருந்து எட்டாவது மணிக்குள் அது 257.3-லிருந்து 350.7-க்குத் தாவியது, கூடியது 93.4. கேள்வி கேட்பது இந்தக் கூடுதலைத்தான், சதவீதத்தை அல்ல.

உச்சம் ஏன் நடுவில் வருகிறது? வளரும் வேகம் இரண்டு அளவுகளின் பெருக்கலைப் பொறுத்தது: இப்போது இருக்கும் ஈஸ்ட், இன்னும் மிச்சமிருக்கும் இடம். ஈஸ்ட் 100 இருக்கும்போது மிச்சம் 565, பெருக்கினால் 56,500. ஈஸ்ட் 500 என்றால் மிச்சம் 165, பெருக்கல் 82,500. இரண்டும் சமமாக, ஆளுக்கு 332.5 என்று இருக்கும்போது பெருக்கல் 1,10,000-ஐத் தாண்டுகிறது. வேறு எப்படிப் பிரித்தாலும் இவ்வளவு வராது. அதனால் எல்லையின் பாதியில்தான் உச்ச வேகம்.

ஆனால் 332.5 என்று எழுதிவிட்டு நிறுத்தினால் விடை பாதிதான். கேள்வி 'எப்போது' என்கிறது. P பாதியாக வேண்டுமென்றால் கீழ்வரி 2 ஆக வேண்டும். அதற்கு e-யோடு சேர்ந்த பகுதி 1 ஆக வேண்டும்.

```
66e^(-0.5355t) = 1
t = ln(66) / 0.5355 = 4.19 / 0.5355 ≈ 7.82
```

அதாவது 7 மணி 49 நிமிடம். அளவீட்டில் மிகப் பெரிய தாவல் விழுந்ததும் ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்தான்.

படத்திலிருந்து கணக்கைப் பெயர்த்து எழுதும்போது அடிக்கடி தொலைவது அடுக்கில் இருக்கும் அந்தச் சின்னக் கழித்தல் குறி. தொலைந்ததைக் கண்டுபிடிப்பது எளிது. t-க்கு 10 கொடுத்துப் பார்க்கலாம்: குறி இருந்தால் விடை சுமார் 507, கார்ல்சன் அளந்தது 513.3. குறி இல்லாவிட்டால் 0.05-க்கும் கீழே போய்விடும், பெருகவேண்டிய ஈஸ்ட் அழிந்துபோகும். இன்னொரு பொறி: தொடக்க அளவே பாதிக்கு மேல் இருந்தால், சமன்பாடு t-க்குக் குறை எண்ணைத் தரும். உச்ச வேகம் கடந்துபோய்விட்டது என்று அதற்குப் பொருள். கணக்கு தொடங்கும் நொடியில்தான் வேகம் அதிகம், பிறகு இறக்கம்தான்.

குடுவைக்குள் இவ்வளவு அழகாகப் பொருந்தும் சூத்திரம் ஒரு நாட்டுக்குப் பொருந்துமா? ரேமண்ட் பேர்ல், லோவெல் ரீட் இருவரும் 1920-ல் அமெரிக்க மக்கள்தொகைக்கு இதே வளைகோட்டைப் பொருத்தினார்கள். எல்லை சுமார் 19.7 கோடி, உச்ச வேகம் 1914 ஏப்ரலில் என்று வந்தது. ஆனால் 1970 கணக்கெடுப்பிலேயே அந்த நாட்டு மக்கள்தொகை 20 கோடியைத் தாண்டியிருந்தது.

ஈஸ்ட்டுக்கு உணவும் இடமும் குடுவையோடு முடிந்தன. அதன் எல்லை நகரவில்லை. ஒரு நாட்டின் விளைச்சலும் தொழிலும் குடியேற்றமும் மாற மாற, அதன் எல்லையும் நகரும். இன்னொரு காரணம் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் கையில் இருந்த கடைசி எண் 1910-ன் 9.2 கோடி. அவர்களே கண்ட எல்லையின் பாதியைக்கூட அது எட்டவில்லை. கார்ல்சனின் எண்களில் கோடு வளைந்து தட்டையானது அளவீட்டிலேயே தெரிந்தது; பேர்லும் ரீடும் அந்த வளைவு வருமுன்பே அதன் உச்சியைக் கணித்தார்கள்.