மறைத்தல் வேறு, காத்தல் வேறு: மறையாக்கமும் செய்தியின் மெய்ம்மையும்

எழுத்தொன்று மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழாசிரியர் எவரும் மாணவருக்கு முதலில் கற்பிப்பர். கரி வேறு, கறி வேறு. இவ்வேறுபாடு கணினிக்குள் எவ்வளவு சிறியது என்பதைக் கண்டால், மறையாக்கம் பற்றிய ஓர் உண்மை விளங்கும். செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைப்பது ஒன்று. பிறர் திருத்த இயலாதவாறு காப்பது மற்றொன்று. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் எனக் கருதுவது பிழை.

யூனிகோடு முறையில் ரகரமும் றகரமும் அடுத்தடுத்த இடங்களில் உள்ளன. ஒவ்வோர் எழுத்தும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. இவ்விரண்டிற்கும் முதலிரு பைட்டுகள் ஒன்றே. மூன்றாவது பைட்டு ரகரத்துக்கு 10110000, றகரத்துக்கு 10110001. கடைசிப் பிட்டு ஒன்றுதான் வேறுபாடு. லகர ளகரங்களும் இவ்வாறே ஒரு பிட்டால் வேறுபடுகின்றன.

பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்று கிள்ளானிலுள்ள வணிகருக்கு ‘நாளை 40 கிலோ கரி’ என மறையாக்கம் செய்த செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். பரவலாக வழங்கும் ஒரு முறையில், இருவருக்கும் பொதுவான திறவுகோலிலிருந்து 0, 1 கொண்ட நீண்ட தொடர் ஒன்று பிறக்கிறது. செய்தியின் பிட்டும் தொடரின் பிட்டும் ஒன்றாயின் 0 என்றும், வேறாயின் 1 என்றும் எழுதுவதே மறையாக்கம். மறைநீக்கமும் அதே கணக்குதான். ரகரத்தின் மூன்றாம் பைட்டுக்கு நேரான தொடர் 01101101 எனில் கணக்கு இவ்வாறு அமையும்:

```
10110000   ரகரம்
01101101   தொடர்
11011101   அனுப்பப்படுவது

11011100   இடைவழியில் திருத்தியது
01101101   தொடர்
10110001   றகரம்
```

இடையில் நிற்பவருக்குத் திறவுகோல் தெரியாது. ஆணைப்படிவம் எப்போதும் ஒரே அமைப்பில் இருப்பதால், எந்த இடத்தில் ரகரம் நிற்கும் என்பது மட்டும் தெரியும். அவ்விடத்தின் கடைசிப் பிட்டைப் புரட்டிவிடுகிறார். வணிகரின் கணினி முறைப்படி மறைநீக்கி ‘நாளை 40 கிலோ கறி’ எனக் காட்டுகிறது. எழுத்துச் சிதைவு இல்லை, எச்சரிக்கையும் இல்லை. எப்பிட்டு வந்தாலும் அதனை வேறொன்றாக மாற்றித் தருவதே மறைநீக்கத்தின் வேலை. வந்தது அனுப்பியதுதானா என்று அது கேட்பதில்லை. எண் வடிவில் 1, 9 ஆகியவற்றுக்கும் ஒரு பிட்டே வேறுபாடாதலால், 1000 ரிங்கிட் 9000 ஆவதற்கும் இவ்வளவே போதும்.

செய்தியோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து மறைத்தால் போதாதா எனலாம். கம்பியில்லா இணையத்தின் முதல் காப்புமுறையான WEP அதைத்தான் செய்தது. 2001ஆம் ஆண்டு நிகிதா போரிசோவ், இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் ஆகிய மூவரும் அதன் குறையை விளக்கினர். அது பயன்படுத்திய சி.ஆர்.சி.-32 என்னும் எண், வழித்தடத்தில் தற்செயலாக நேரும் பிழையைக் கண்டறிய உருவானது. செய்தியில் எப்பிட்டுகளைப் புரட்டினோம் என்பது தெரிந்தால், அந்த எண்ணில் எவை புரளும் என்பதைச் செய்தியை அறியாமலேயே கணக்கிடலாம். ஆகவே பகைவர் இரண்டையும் சேர்த்தே திருத்திவிடுவார். பெறுநரின் சோதனையும் சரியென்றே சொல்லும்.

தீர்வு, திறவுகோல் இன்றி எவராலும் கணக்கிட இயலாத ஒரு முத்திரை. எந்த வரிசையில் மறைப்பது, எந்த வரிசையில் முத்திரையிடுவது என்பதை மிஹிர் பெல்லாரேயும் சனாதிப் நம்ப்ரெம்ப்ரேயும் 2000ஆம் ஆண்டு ஆராய்ந்தனர். முதலில் மறைத்து, மறைத்த வடிவின்மேல் முத்திரையிடுவதே பொதுவாக உறுதியானது என நிறுவினர். இவ்விரு பணிகளையும் ஒரே திறவுகோலால் ஒருங்கே செய்பவை மெய்ம்மை காக்கும் மறையாக்க முறைகள். பெருவழக்கில் உள்ள AES-GCM பொதுவாக 128 பிட்டு முத்திரையைச் சேர்க்கிறது. கிள்ளான் கணினி முத்திரையை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும்; ஒரு பிட்டு மாறியிருந்தாலும் செய்தியை முழுதாக ஒதுக்கும். ஒப்பிட்டு முடியுமுன் ஒரு சொல்லையேனும் வெளியே காட்டலாகாது. பெறுநர் முகவரிபோல் மறைக்கக் கூடாத பகுதியையும் இம்முத்திரைக்குள் அடக்கலாம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் புதிய தொடக்க எண் வேண்டும். ஒரே திறவுகோலோடு அதே எண்ணை இருமுறை பயன்படுத்தினால், AES-GCM முறையில் பகைவர் போலி முத்திரை இடவும் வழி பிறக்கும். நேற்றைய ஆணையை மாற்றாமல் இன்று மீண்டும் அனுப்பினால், முத்திரை அதனை மெய்யென்றே ஏற்கும். அதைத் தடுக்கச் செய்திக்குள் வரிசை எண் வேண்டும்.

ஒரு மென்பொருளின் அமைப்பில் AES-256-CTR என்று மட்டும் கண்டால், முத்திரை வேறெங்கேனும் உள்ளதா எனத் தேடவேண்டும். AES-256-GCM எனில் அது உள்ளேயே உண்டு. 2018இல் வெளிவந்த TLS 1.3 இணையக் காப்புநெறி, முத்திரையோடு கூடிய முறைகளை மட்டுமே ஏற்கிறது. இரண்டு பெயர்களிலும் 256 என்றே இருப்பதால் காவலும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. அவ்வெண் திறவுகோலின் நீளத்தைக் குறிப்பது. கரி கறியாகாமல் காப்பது அதன்பின் வரும் மூன்றெழுத்து.