பிளினியைத் தோசை என்று எழுதலாமா?

ஆன்டன் செகாவ் 1886இல் ஒரு குட்டிக் கதை எழுதினார். நிலையாமையைப் பற்றிய பிரசங்கம் போலத் தலைப்பு. உள்ளே ஓர் அரசு அதிகாரி சாப்பாட்டு மேசையில் பொறுமையிழந்து காத்திருக்கிறார். அடுப்படியிலிருந்து சுடச்சுடப் பிளினி வருகிறது. அதன்மேல் உருக்கிய வெண்ணெயை ஊற்றுகிறார், கேவியரைத் தடவுகிறார், ஸ்மெத்தானாவை வார்க்கிறார், கொழுத்த சால்மன் துண்டை வைத்துச் சுருட்டுகிறார். வோட்காவைக் குடித்துவிட்டு வாயைத் திறக்கிறார். அந்த நொடியில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போகிறார். கதை அவ்வளவுதான்.

இதைத் தமிழாக்க உட்காருபவருக்குச் சிக்கல் தருபவை சில சொற்கள் மட்டுமே. அவற்றில் பிளினிதான் ஆசை காட்டும். மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் மெல்லிசாக வட்டமாக ஊற்றிச் சுடுவது என்றால் தோசையேதானே? செய்முறை அளவில் நெருக்கம்தான். ஆனால் தோசை நமக்கு அன்றாடக் காலைப் பலகாரம். அந்தச் சொல்லைப் போட்டதும் வாசகர் மனதில் சட்னியும் சாம்பாரும் வந்துவிடும். அடுத்த வரியில் அதன்மேல் மீன் முட்டையை வைத்தால் அதிகாரி பெருந்தீனிக்காரராகத் தெரியமாட்டார், கோமாளியாகத் தெரிவார். அதனால் பிளினி பிளினியாகவே இருக்கட்டும். விளக்கமும் வேண்டாம். ஊற்றினார், தடவினார், சுருட்டினார் என்ற வினைகளே அது எப்படிப்பட்ட பண்டம் என்று காட்டிவிடுகின்றன. மேலும் விளக்க வேண்டுமென்றால், சமையல்காரி கல்லிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டு வருவதாக ஒரு சொல்லைக் கூட்டலாம்.

ஸ்மெத்தானாவுக்கு இந்த மரியாதை தேவையில்லை. பாலேட்டைப் புளிக்கவைத்துக் கெட்டியாக்குவது அது. ‘புளித்த பாலேடு’ என்றால் போதும். ‘தயிர்’ என்று சுருக்கினால்தான் தவறு. தயிர் நமக்கு வயிற்றைக் குளிரவைக்கும் எளிய பொருள். இங்கே வேண்டியதோ கொழுப்பின்மேல் கொழுப்பு ஏறுகிற உணர்ச்சி. வோட்கா தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. சமோவாரும் அப்படித்தான். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகங்கள் வழியே பழகிய சொல் அது. அடிக்குறிப்பு இல்லாமலே ‘சமோவாரை மூட்டினாள்’ என்று இன்று எழுதலாம்.

உண்மையான கடினம் மாஸ்லெனித்சா. அதிகாரி பிளினி தின்னும் நாட்களின் பெயர் அது. ஈஸ்டருக்கு முன் நீண்ட நோன்புக்காலம் வருகிறது. அதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் ‘தவக்காலம்’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. எனவே அங்கே கடன் வாங்குவது வீண். ஆனால் ரஷ்ய மரபுத் திருச்சபையின் நோன்பு இன்னும் கடுமையானது: இறைச்சி மட்டுமின்றிப் பால், வெண்ணெய், முட்டையும் விலக்கு. நோன்புக்கு முந்தைய வாரத்தில் இறைச்சியை நிறுத்திவிடுவார்கள். வெண்ணெய், பால், முட்டை, மீனுக்கு அதுதான் கடைசி வாரம். அந்த வாரமே மாஸ்லெனித்சா. வெண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். செகாவின் மேசையில் மீன் வகைகள் குவிந்திருக்கக் கோழியோ ஆடோ இல்லாததற்குக் காரணம் இதுதான். இது தெரியாத மொழிபெயர்ப்பாளர் விருந்தை இன்னும் செழிப்பாக்க ஒரு வறுத்த கோழியைச் சேர்த்தால் கதை உடைந்துபோகும்.

இதை எங்கே சொல்வது? உரையாடலுக்குள் மட்டும் கூடாது. ‘தவக்காலத்துக்கு முந்தைய வெண்ணெய் வாரமான மாஸ்லெனித்சா வந்துவிட்டது, பிளினி சுடு’ என்று எந்தக் கணவரும் வீட்டில் பேசமாட்டார். பாத்திரம் வாசகருக்காகப் பேசத் தொடங்கினால் அது மொழிபெயர்ப்பாளரின் குரல் என்று உடனே தெரிந்துவிடும். கதைசொல்லியின் வாக்கியத்தில் ‘வெண்ணெய் வாரம்’ என்ற இரண்டு சொற்களை ஒட்டவைக்கலாம். நோன்பு விதியோ இரண்டு சொல்லில் அடங்காது. அதற்கு அடிக்குறிப்புதான் வழி.

அடிக்குறிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கதையின் வேகத்தைப் பாதிக்கும். இந்தக் கதையில் சிரிப்பும் சாவும் கடைசி வரிகளில் ஒன்றாக விழுகின்றன. வாயைத் திறக்கும் இடத்தில் ஓர் உடுக்குறி இருந்தால் வாசகரின் கண் பக்கத்தின் அடிக்குப் போய்த் திரும்பும், அடி விழாது. நல்லவேளை, செகாவ் துணைத்தலைப்பிலேயே இந்த வாரத்தைக் குறிப்பிட்டுவிடுகிறார். குறிப்பை அங்கே தொங்கவிட்டால் கதை தடையின்றி ஓடும். அளவு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எது விலக்கு, எது கடைசி வாரம், அவ்வளவே. அந்த வாரக் கடைசியில் வைக்கோல் பொம்மையை எரிப்பார்கள் என்பது சுவையான செய்திதான், ஆனால் இந்தக் கதையில் யாரும் பொம்மையை எரிப்பதில்லை.

இன்னொரு சிறு முடிவும் உண்டு. ரஷ்ய மொழியில் ‘பிளின்’ ஒருமை, ‘பிளினி’ பன்மை. தமிழில் இரண்டையும் கொண்டுவந்தால் வாசகர் இரு பண்டங்கள் என்று நினைப்பார். ‘பிளினி’ என்ற ஒரே வடிவத்தை எங்கும் வைத்துக்கொள்வதே சரி. ‘இரண்டு பிளினி கொடு’ என்று கேட்பது தமிழுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.