வக்கீல் நோட்டீசு வந்தால் என்ன செய்வது?
செல்போன் படத்தில் தெரியாத ஒரு தேதி!

ஏற்காடு மலையில் செம்மநத்தம் கிராமம். அங்கே மிளகு வியாபாரம் செய்யும் ஒருவருக்குப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படம் பிடித்து, சேலத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்புகிறார். "தம்பி, என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்கிறார்.

பயம் வேண்டாம். இது கோர்ட்டு உத்தரவு அல்ல. எதிர்த் தரப்பு வக்கீல் எழுதிய கடிதம்தான். ஆனால் மூலையில் போட்டுவிடவும் கூடாது.

முதல் பகுதி: கதை

"எனது கட்சிக்காரரிடம் தாங்கள் கடன் பெற்றீர்கள்" என்று தொடங்கும். இது ஒரு தரப்பு சொல்வது. எது உண்மை, எது தவறு என்று வரிக்கு வரி குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் பகுதி: செக்

செக் எண், தேதி, தொகை, பணம் இல்லாமல் திரும்பிய நாள் ஆகியவை இருக்கும். நம் வியாபாரி கொடுத்தது 60 ஆயிரம் ரூபாய் செக். அது திரும்பிய தகவல் ஜூன் 2-ந்தேதி கடன் கொடுத்தவருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து 30 நாளுக்குள் அவர் நோட்டீசு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பியது ஜூன் 20-ந்தேதி. கெடு தவறவில்லை.

மூன்றாம் பகுதி: கெடு

"15 நாளில் பணம் செலுத்தவும்" என்று இருக்கும். இது நோட்டீசின் தேதியில் இருந்து அல்ல, கைக்குக் கிடைத்த நாளில் இருந்து கணக்கு. ஜூன் 24-ல் கிடைத்தால், ஜூலை 9 கடைசி நாள். கிடைத்த தேதி நோட்டீசில் இராது. ஆகவே எல்லாப் பக்கங்களோடு, தபால் முத்திரை தெரியும்படி உறையையும் படம் பிடியுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியையும் எழுதி வையுங்கள்.

கெடுவுக்குள் செக் தொகையைக் கட்டினால் செக் மோசடி வழக்குக்கு இடமில்லை. கட்டாவிட்டால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டில் புகார் செய்யலாம். குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பாதி கட்டியிருந்தால்?

வியாபாரி செக் கொடுத்த பிறகு, அது பாங்கியில் போடப்படும் முன்பே 20 ஆயிரம் கட்டிவிட்டார். நோட்டீசோ 60 ஆயிரமும் கேட்கிறது. இப்படிக் கட்டிய பணத்தைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் பாங்கியில் போட்டால், செக் வழக்கு நிற்காது என்று 2022-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது. மீதி 40 ஆயிரம் கடன் மட்டும் அப்படியே இருக்கும். பணம் கட்டிய நாளையும் ரசீதையும் காட்டி, வக்கீல் மூலம் பதில் அனுப்ப வேண்டும்.

வாங்க மறுத்தால்?

தப்ப முடியாது. சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபால் வந்து, அதை வாங்க மறுத்தால், கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. போன் எண் 15100.

மகன் தந்தைக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "யாரும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்கப்பா. அந்த 20 ஆயிரம் ரசீதைத் தேடி எடுங்க. ஜூலை 9-க்கு முன்னாடி வக்கீலைப் பார்த்திடணும்!"