ஐயத்துக்குள்ளான கட்டுரை

நம்மோடு பயிலும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு உண்டு. வகுப்பில் கேள்வி கேட்டால் தெளிவாக விடை கூறுவார். அதையே தாளில் எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், சொற்கள் விடுபடும். குறை எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் இருக்கிறதேயன்றிச் சிந்தனையில் இல்லை. ஆகவே, வீட்டுக் கட்டுரையை அவர் வாயால் சொல்லக் கணினி எழுதுகிறது. பிழைதிருத்தும் கருவி அதைச் செப்பம் செய்கிறது. பின்னர்க் கணினி படிக்கக் காதால் கேட்டு, குறைகளைத் தாமே களைகிறார்.

வினை இங்கேதான் தொடங்குகிறது. தேர்வுத் தாளில் வரிக்கு வரி பிழை; கட்டுரையிலோ பிழையே இல்லை. ஆசிரியர் ஐயமுற்று, செயற்கை நுண்ணறிவின் எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லப்படும் கருவியிடம் கட்டுரையைக் கொடுக்கிறார். 'இயந்திரம் எழுதியது' என்று அது கூறிவிடுகிறது.

அக்கருவி எதைப் பார்க்கிறது? எழுதியவர் யாரென்பது அதற்குத் தெரியாது. அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்கலாம், வாக்கியங்கள் எவ்வளவு ஒரே சீராக உள்ளன என்பன போன்றவற்றையே அளக்கிறது. பிழைதிருத்தும் கருவியோ விநோதமான சொல்லை நீக்கி, வழக்கமான சொல்லையே இடும். ஆட்டிசம் உடைய சிலர் ஒரே வகையான வாக்கியத்தை விரும்பித் திரும்பத் திரும்ப எழுதுவர். இரண்டுமே சீரான எழுத்து. ஆகவே இரண்டும் ஐயத்துக்குள்ளாகலாம். நமக்கும் இதில் பங்குண்டு. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாக நூற்றுக்கு 61 கட்டுரைகள் இயந்திரத்தின் எழுத்து எனத் தவறாகக் குறிக்கப்பட்டன. ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் கண்டறி கருவியைத் துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது.

அப்படியானால் கல்விநிலையங்கள் செய்யத்தக்கது என்ன? முதலாவது, எந்தக் கருவிகளுக்கு அனுமதி உண்டு என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதி செய்தல். சொல்லி எழுதுவித்தல், எழுத்துப்பிழை திருத்துதல் ஆகியவை வேறு; பத்தியையே புதிதாக எழுதித் தரும் கருவி வேறு. இக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, கருவி தரும் எண்ணைச் சான்றாகக் கொள்ளாமை. கட்டுரையின் பழைய வடிவங்களையும் குறிப்புகளையும் பார்க்கலாம். ஆனால் வேறோரிடத்தில் சொல்லி எழுதுவித்து ஒட்டினால், முழுப் பத்தியும் ஒரே கணத்தில் தோன்றியதாகவே அப்பதிவு காட்டும். அதையும் குற்றமென்று கருதலாகாது. மாணவர் முதலிலிருந்தே ஒரே கோப்பில் எழுதுவது நலம்.

மூன்றாவது, நேரில் விசாரிக்கும் முறை. ஆட்டிசம் உடையவரைத் திடீரென்று நால்வர் முன் நிறுத்திக் கேட்டால் அவர் வாயடைத்துப் போகக்கூடும். கண்ணைப் பார்த்துப் பேசாமலும் இருக்கலாம். அதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்வது பெருந்தவறு. கேள்விகளை முன்னாளே எழுத்தில் தந்து, அமைதியான அறையில், அவர் நம்பும் ஒருவரை உடன் வைத்து, எழுதியும் விடையளிக்க விடுவதே நேர்மை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரு நிலைகளையும் தன் பட்டியலில் ஏற்றுள்ளது. தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரின் துணையும் அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. தேர்வறையில் பிறர் கையால் எழுதுவிக்கலாம் என்று ஒப்பியபின், வீட்டில் கணினியால் எழுதுவித்தவரைக் கள்வரென்று நோக்குவது எங்ஙனம் பொருந்தும்?