முனை உடைந்த பல்லைத் தேய்த்துச் சீராக்குதல்

முன்பல்லின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, கோரைப்பல் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தாலோ, மேலுள்ள எனாமலைக் கொஞ்சம் தேய்த்து வடிவத்தைத் திருத்துவது பல் மருத்துவத்தில் உள்ள எளிய வழி. பெரும்பாலும் மரத்துப்போக ஊசி வேண்டியதில்லை. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஒரே முறையில் முடிந்துவிடும். எனாமலில் நரம்பு கிடையாது, அதனால் வலிக்காது. ஆனால் அதில் உயிருள்ள செல்லும் கிடையாது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆகவே தேய்த்த எனாமல் நகத்தைப் போல மறுபடி வளராது.

மேல் முன்பல்லின் கடிக்கும் விளிம்பில் எனாமல் சுமார் 2 மி.மீ. கனம் இருக்கும், ஈறை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தேய்ப்பார்கள். அதற்கு மேல் போகப் போக உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் எட்டிப் பார்க்கத் தொடங்கலாம். டென்டினில் நுண்குழல்கள் பற்கூழ் வரை செல்வதால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். சிகிச்சைக்குப் பிறகு பல்லின் விளிம்பு மஞ்சளாகத் தெரிந்தாலோ, கூச்சம் சில நாட்களில் அடங்காமல் நீடித்தாலோ, அளவு மீறியிருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

உடைந்த துண்டு எவ்வளவு பெரிது என்று பார்ப்பதைப் போலவே, எந்த மூலையில் உடைந்தது என்று பார்ப்பதும் முக்கியம். 10.5 மி.மீ. உயரமுள்ள ஒரு மேல் முன்பல்லில் 1 மி.மீ. சில்லு பெயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடைந்த மட்டத்துக்கு விளிம்பு முழுவதையும் இறக்கினால் அந்தப் பல் ஜோடிப் பல்லைவிடக் குட்டையாகிவிடும். ஜோடியையும் குறைத்தால், இரண்டும் பக்கத்துப் பற்களின் உயரத்துக்கு வந்து, சிரிக்கும்போது பல்வரிசை நேர்கோடாகத் தட்டையாகத் தெரியும். வயதானவர்களின் பல் தேய்ந்து அப்படித்தான் ஆகிறது என்பதால் முகத்துக்கே வயது கூடியது போலிருக்கும்.

உடைந்தது வெளிப்புற மூலை என்றால் வேலை சுலபம். முன்பல்லின் அந்த மூலை இயற்கையாகவே சற்று வளைந்திருப்பது. கூரான விளிம்பை மட்டும் அரை மில்லிமீட்டருக்குள் மழுக்கி வளைவாக்கி, ஜோடிப் பல்லின் அதே மூலையையும் இம்மி அளவு வளைத்துவிட்டால், உடைந்தது எது என்று கண்டுபிடிப்பதே கடினம். இரண்டு முன்பற்களும் சந்திக்கும் உள்மூலை உடைந்திருந்தால் கதை வேறு. அங்கே தேய்க்கத் தேய்க்க நடுவில் முக்கோண வடிவில் கறுப்பு இடைவெளி பெரிதாகும். பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் கம்போசிட் பூச்சை வைத்து நிரப்புவதுதான் அதற்குச் சரி. அது சில ஆண்டுகளில் கறை பிடிக்கலாம், பெயரலாம். ஆனால் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் அவசரப்படக் கூடாத கட்டம் தேய்ப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. பற்கூழ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். சிறுவர்களுக்குப் பற்கூழ் பெரிதாக இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். எடுக்கப்போகும் பகுதியைப் பல்லின் மேலேயே பென்சிலால் குறித்துக் கண்ணாடியில் காட்டினால், முடிவு எப்படி இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். பிறகு நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, தாடையை முன்னும் பக்கவாட்டிலும் நகர்த்தச் சொல்லி, கீழ்ப்பற்கள் எங்கே உரசுகின்றன என்று பார்ப்பார்கள். அதன் பிறகே நுண்ணிய வைர முனையால், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, சிறிது சிறிதாகத் தேய்ப்பது. கடைசியில் மெருகு வட்டுகளால் வழவழப்பாக்க வேண்டும். சொரசொரப்பாக விட்டால் அழுக்கும் கறையும் ஒட்டிக்கொள்ளும். ஃபுளோரைடு பூசுவதும் வழக்கம்.

கூரான கோரைப்பல்லை மழுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாடை பக்கவாட்டில் நகரும்போது, பலருக்குக் கோரைப்பல்தான் தாங்கிக்கொண்டு கடைவாய்ப் பற்களை உரசலிலிருந்து விலக்கி வைக்கிறது. முனையை அதிகம் எடுத்தால் அந்தச் சுமை மற்றப் பற்களுக்குப் போகும். ஓரத்து முனைப்பை மட்டும் மென்மையாக்குவதோடு நிறுத்துவதே நல்லது.

பல் ஏன் உடைந்தது என்று கேட்காமல் தேய்ப்பதும் வீண் வேலை. தூக்கத்தில் நறநறவென்று பல் கடிப்பவருக்கும், பற்களால் நூல் அறுப்பவருக்கும் அதே இடம் மறுபடி உடையும். விழுந்தோ இடித்தோ உடைந்த பல் என்றால், வெளியே சிறு சில்லு மட்டும் பெயர்ந்திருந்தாலும் உள்ளே இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய பல் மாதக் கணக்கில் கழித்துக்கூடச் சாம்பல் நிறமாக மாறும். அப்போது தேவைப்படுவது பெரும்பாலும் வேர் சிகிச்சை. ஆகவே அடிபட்ட பல்லை உடனே அழகுபடுத்துவதைவிட, குளிர்ச்சியை உணர்கிறதா என்று சோதித்துச் சில மாதங்கள் கண்காணிப்பதே முதல் வேலை.