சுருக்கம் எப்போது பிழையாகிறது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆர்டர் கப்பலேறுவதற்குள் வெளிநாட்டு வாடிக்கையாளர், அவரது கொள்முதல் அலுவலகம், இங்குள்ள மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங், தையல், செக்கிங் எனப் பல கைகளைக் கடக்கிறது. இவர்களுக்கு இடையிலான பேச்சில் பெரும்பகுதி இன்று வாட்ஸ்ஆப் செய்தியாகவே நடக்கிறது. அவசரத்தில் தட்டச்சு செய்யும்போது `please` என்பது `pls` ஆகிறது. `tomorrow` என்பது `tmrw` ஆகிறது. வாக்கியத் தொடக்கத்தில் வர வேண்டிய ஆங்கிலப் பெரிய எழுத்து காணாமல் போகிறது. இவற்றையெல்லாம் பிழை என்று கண்டிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். புரிந்தால் போதாதா என்று கேட்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்க இயலாது. ஒரு செய்தியைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

லண்டனில் உள்ள கொள்முதல் அலுவலகம் ஒன்று திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

```
pls send us size set tmrw. slv shorter by 1
```

மொத்தத் துணியை வெட்டத் தொடங்கும் முன், ஒவ்வொரு அளவிலும் மாதிரி ஆடை தைத்து, அளவுப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். அந்த மாதிரிகளின் தொகுப்பே 'சைஸ் செட்'. அதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகே கட்டிங் தொடங்கும்.

இச்செய்தியில் முதலில் கண்ணை உறுத்துவது `pls`. அடுத்து, சிறிய எழுத்தில் தொடங்கும் வாக்கியம். அதற்கடுத்து `sleeve` என்பதற்குப் பதிலான `slv`. இம்மூன்றாலும் யாருக்கும் தீங்கில்லை. இத்தொழிலில் இருப்பவர் எவரும் இவற்றை வேறு பொருளில் படிக்கமாட்டார்.

தீங்கு இருப்பது, பார்வைக்குச் சரியாகத் தெரியும் இரண்டு இடங்களில். முதலாவது `us`. 'எங்களுக்கு சைஸ் செட் அனுப்புங்கள்' என்று இதைப் படிக்கலாம். 'அமெரிக்க அளவுகளுக்கான சைஸ் செட் அனுப்புங்கள்' என்றும் படிக்கலாம். ஒரே ஆடையைப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் தைக்கும் ஆர்டராக இருந்தால் இரண்டுமே இயல்பான வாசிப்புகள்தாம். மகளிர் ஆடைகளில் பிரிட்டிஷ் அளவு எண் 12 என்பது பொதுவாக அமெரிக்க அளவு எண் 8-க்கு இணை. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எடுத்துக்கொண்டால் மாதிரிகள் வேறாகிவிடும். `US` என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது நாட்டைத்தான் குறிக்கிறது என்பதில் ஐயம் எழாது. இங்கே காணாமல் போன பெரிய எழுத்து பொருளையே மாற்றக்கூடியது. எனவே அது பிழை.

இரண்டாவது இடம், இறுதியில் உள்ள `1`. ஓர் அங்குலமா, ஒரு சென்டிமீட்டரா? ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. டி-ஷர்ட்டின் கை நீளத்துக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வைவிட இது அதிகம். இந்தச் செய்தியில் எழுத்துப் பிழை ஒன்றைக்கூட விடாமல் திருத்தினாலும் இக்குறை அப்படியே நிற்கும்.

தவறான மாதிரியால் வீணாகும் துணி மிகச் சிறிது. போகும் நாள்கள்தாம் பெரிது. மீண்டும் தைத்து, மீண்டும் அனுப்பி, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் வரை கட்டிங் மேசை காத்துக் கிடக்கும். கெடு நெருங்கிவிட்டால், தூத்துக்குடி துறைமுகம் வழியே போக வேண்டிய சரக்கை நிறுவனம் தன் செலவில் விமானத்தில் அனுப்ப நேரிடும்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. செய்தியைப் படிக்கும் இருவர், இரு வேறு வேலைகளைச் செய்யக்கூடுமா? கூடுமென்றால் அது பிழை. இல்லையென்றால் அது சுருக்கம் மட்டுமே. இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. இருபொருள் தரும் செய்தியைப் படிப்பவருக்கு அது இருபொருள் தருவதாகவே தோன்றாது. பிரிட்டிஷ் வாடிக்கையாளருடன் ஆண்டுக்கணக்கில் பழகியவர் `us` என்பதை 'எங்களுக்கு' என்று மட்டுமே படிப்பார். ஐயமே எழாததால் கேட்கவும் மாட்டார். ஆகவே சோதிக்க வேண்டியவர் அனுப்புபவரே. நாடு, அளவு, அலகு, தேதி ஆகியவை வரும் இடங்களை மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும். அளவுகளையும் எண்ணிக்கையையும் `m400 l300` என்று எழுதினால், சில கைப்பேசி எழுத்துருக்களில் சிறிய `l` ஒன்று என்ற எண்ணைப் போலவே தெரியும்; 300 என்பது 1300 ஆகிவிடும். `L` என்று எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

எழுத்துக் குறிகளை விட்டு எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடமாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. எழுத்தாணியால் குத்தும் புள்ளி ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆசிரியரிடம் பாடம் கேட்ட மாணவருக்கு இதனால் இடரில்லை. அதே சுவடி, சில நூற்றாண்டுகள் கழித்துப் பதிப்பாசிரியரின் கைக்கு வந்தபோதுதான் பாடக் குழப்பங்கள் எழுந்தன. சூழலை அறிந்தவருக்குச் சுருக்கமாக இருந்தது, அறியாதவருக்குப் புதிரானது.

பணியிடச் செய்திக்கும் இதே விதி பொருந்தும். மெர்ச்சண்டைசருக்கு வந்த செய்தி, திரைப்பதிவாகப் பேட்டர்ன் மாஸ்டருக்கும் அங்கிருந்து வெளியே உள்ள ஜாப் ஒர்க் நிறுவனத்துக்கும் போகிறது. முந்தைய உரையாடலைப் பார்த்திராதவர் கைக்குப் போகும்போதும், பேக்கிங் லிஸ்ட் போன்ற ஆவணத்தில் ஏறும்போதும் சுருக்கங்களை விரித்து எழுதியாக வேண்டும்.

அரட்டை மொழி என்பதாலேயே ஒரு பதில் செல்லாததாகிவிடாது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் 2023-இல் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, உறுதிசெய்யுமாறு கேட்டார் தானியக் கொள்முதலாளர். விவசாயி கட்டைவிரல் உயர்த்திய குறியை மட்டும் பதிலாக அனுப்பினார். ஒப்பந்தம் கிடைத்ததை மட்டுமே அது குறித்தது என்று அவர் பின்னர் வாதிட்டார். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் `ok`, `yup` என்றே பதிலளித்து, சரக்கையும் கொடுத்திருந்ததை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தக் குறி கையொப்பத்துக்கு ஈடானது என்று கூறி, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. நம் நாட்டிலும், மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆகவே `ok` என்பது இலக்கணப்படி சரியா என்பது கேள்வியே அல்ல. எதற்கு `ok` என்பதே கேள்வி. அடுத்தடுத்து வந்த இரண்டு மாதிரிப் படங்களுக்குக் கீழே அது தனியாக நின்றால் பிழை. உரிய படத்தைச் சுட்டிப் பதிலளித்தால் அதுவே முழுமையான ஒப்புதல்.

மரியாதை என்பது வேறு கணக்கு. புதிய வாடிக்கையாளருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் `you` என்பதை `u` என்று எழுதினால் பொருள் கெடாது. எழுதியவரைப் பற்றிய எண்ணம் கெடலாம். அதை நடைக்குறை என்று எடுத்துச் சொல்லலாம். வேலைத் தவறு என்று கணக்கில் எழுதக் கூடாது.

இந்த வேறுபாடு திருப்பூரில் பலருக்கு வாழ்க்கைப் பிரச்சினை. தமிழ் வழியில் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக மெர்ச்சண்டைசிங் வேலைக்கு வருவோர் இங்கே உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லை. `pls` என்று எழுதியதற்காக அவர்களுள் ஒருவரைத் திறமையற்றவர் என்று ஒதுக்கும் மேலாளர், பிழையற்ற ஆங்கிலத்தில் அலகு குறிப்பிடாமல் எழுதுபவரைப் பாராட்டவும் கூடும். அப்போது கண்டிப்பு தவறான ஆளுக்குப் போகிறது. கை நீளம் குறைந்த ஆடைகள் பெட்டிக்குள் போகின்றன.